முன் ஸ்ப்ராக்கெட் நட்டைக் கழற்றும் முறை: கியரைப் பூட்டி, நீளமான பிரேக்கர் பார் கொண்டு செய்யும் வேலைக்கு முழுமையான வழிகாட்டி

செயின் செட் மாற்றும் வேலையில் மற்ற எல்லாப் பகுதிகளையும் தாமாகவே முடித்துவிடுகிறவர்கள்கூட முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டு முன்னால் நின்றுவிடுகிறார்கள். நட்டு இறுக்கமாக இருப்பது அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பெரும்பாலும், நட்டைக் கழற்றத் தேவையான பிடிமானத்தை அவர்களே முந்தைய ஏதோ ஒரு படியில் இழந்திருப்பார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைக்கும் ஒவ்வொரு படியின் காரணத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக கவாசாகி நிஞ்சா 650 வண்டியை வைத்துக்கொள்கிறேன். இதில் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரே ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கிறது. அதற்கு 27 மி.மீ. சாக்கெட் வேண்டும், இறுக்கும் அளவு 125 நியூட்டன் மீட்டர். நட்டுக்கு அடியில் மடித்துப் பூட்டும் லாக் வாஷர் ஒன்று உண்டு. ஸ்ப்ளெண்டர் போன்ற சிறிய வண்டிகளில் ஒரு தகடும் இரண்டு சிறிய போல்ட்டுகளும் மட்டுமே ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்திருக்கும் என்பதால், அவற்றுக்கு இங்கே சொல்லப்படும் எதுவும் தேவைப்படாது.

1. முதலில் வரிசை

நட்டைத் திருப்பும்போது அதனுடன் சேர்ந்து ஸ்ப்ராக்கெட்டும், அது ஏறியிருக்கும் அவுட்புட் ஷாஃப்ட்டும் சுழலாமல் நிற்க வேண்டும். அவற்றை நிறுத்தி வைப்பவை இரண்டு. ஒன்று, செயின் வழியாகப் பின் சக்கரமும் பின் பிரேக்கும். மற்றொன்று, கியர் வழியாக என்ஜின். இந்த இரண்டில் செயின் வழிப் பிடிமானம், பழைய செயின் வண்டியில் இருக்கும் வரைதான் கிடைக்கும்.

புதிதாகச் செய்கிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான். கழிக்கப்போகும் செயின்தானே என்று முதல் வேலையாக அதைக் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அல்லது பின் சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிறகு முன்பக்கம் வருகிறார்கள். அப்போது நட்டை எதிர்த்து நிற்க என்ஜினின் தடை மட்டுமே மிஞ்சுகிறது, அது போதாது.

எனவே வரிசை இதுதான்: கியரைப் போடுதல், ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றுதல், லாக் வாஷரை நிமிர்த்துதல், நட்டை இளக்குதல். இவை நான்கும் முடிந்த பிறகே பின் ஆக்ஸில் நட்டையும் செயினையும் தொட வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் நட்டுகளையும் இந்தக் கட்டத்திலேயே, சக்கரம் வண்டியில் இருக்கும்போதே, கால் சுற்று இளக்கி வைத்துக்கொண்டால் பின்னால் வேலை எளிதாகும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

அரை இன்ச் டிரைவ் கொண்ட 27 மி.மீ. சாக்கெட் ஒன்று வேண்டும். அது ஆறு பட்டை சாக்கெட்டாக இருக்கட்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் நட்டின் முனைகளுக்கு மிக அருகில் மட்டுமே பிடிப்பதால், பெரிய விசையில் முனைகளைத் தேய்த்துவிடும். இந்த நட்டு உயரம் குறைந்தது என்பதால் பிடிக்கும் பரப்பே சிறிது. அதையும் இழந்துவிடக் கூடாது.

சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் இல்லாத கைப்பிடியான பிரேக்கர் பார் குறைந்தது 60 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், 75 செ.மீ. இருந்தால் இன்னும் நல்லது. நீளம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சில ஆண்டுகள் ஓடிய வண்டியில், 125 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய நட்டு இளகுவதற்கு 200 வரை கேட்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. கைப்பிடியில் அதைக் கொடுக்க ஏறத்தாழ 68 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் வேண்டும். 60 செ.மீ. பாரில் அது 34 கிலோவாகக் குறையும். ஒரு மீட்டரில் 20 கிலோ போதும். 68 கிலோ அழுத்தம் கொடுக்கிறவர் உடம்பையே தூக்கிப் போட வேண்டியிருக்கும்; 20 அல்லது 30 கிலோவைக் கையாலேயே நிதானமாகக் கொடுக்கலாம். நிதானம் இந்த வேலைக்கு மிக அவசியம் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

ராட்செட் கைப்பிடியில் பைப்பைச் செருகி நீட்டிக்க வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் சிறிய பற்கள்தான் முழு விசையையும் தாங்குகின்றன. அவை உடைந்தால் கை நேராக என்ஜினில் மோதும். டார்க் ரெஞ்சையும் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது; அதன் அளவு கெட்டுவிடும்.

இவற்றோடு, சுமார் 75 மி.மீ. நீளமுள்ள எக்ஸ்டென்ஷன், உளி, சுத்தியல், மண்ணெண்ணெயும் பழைய பிரஷும், துரு இளக்கும் ஸ்ப்ரே, பெயின்ட் மார்க்கர், கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, புதிய லாக் வாஷர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளவும். பின் பிரேக்கை மிதிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்ய முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெடலை வார்பட்டையால் இழுத்துக் கட்டிச் செய்யலாம்தான். ஆனால் சக்கரம் நழுவத் தொடங்குவதைப் பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் இருப்பது எவ்வளவோ மேல்.

3. வண்டியை நிறுத்தும் விதம்

என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்துவிடவும். பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டாம். இரண்டு டயர்களும் தரையில் இருக்க, சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் சுவரைத் தொடும்படி தள்ளி வைக்கவும்.

சுவர் எதற்கு என்றால், நட்டை இளக்கும் திசை வண்டி முன்னோக்கி ஓடும் திசையே என்பதால்தான். இடப்பக்கத்திலிருந்து பார்த்தால், வண்டி முன்னே செல்லும்போது சக்கரமும் ஸ்ப்ராக்கெட்டும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கின்றன. வலது மரை கொண்ட நட்டு இளகுவதும் அதே திசையில்தான். ஆகவே பாரில் விசை கொடுக்கும்போது செயினின் மேல் பகுதி விறைத்துப் பின் சக்கரத்தை முன்னோக்கி இழுக்கிறது. பிரேக் நழுவினால் வண்டி முன்னே நகரும். வண்டி முன்னே நகர்ந்தால் சைடு ஸ்டாண்டு பின்னோக்கி மடங்கிவிடும். சுவர் அந்த நகர்வுக்கே இடம் கொடுப்பதில்லை.

டயர் தரையில் இருப்பதற்கும் காரணம் உண்டு. இந்த வண்டியில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு 15 பற்கள், பின் ஸ்ப்ராக்கெட்டுக்கு 46 பற்கள். எனவே நட்டில் கொடுக்கும் 200 நியூட்டன் மீட்டர், என்ஜின் பங்கெடுக்காவிட்டால், பின் சக்கரத்தில் 600-க்கு மேல் ஆகிவிடும். அதைப் பின் பிரேக் மட்டும் தாங்குவது கடினம். உதவிக்கு வந்தவர் வண்டிமேல் உட்கார்ந்து பெடலைக் காலால் மிதித்தால், அவருடைய எடையும் பின் டயரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். பெடலைக் கையால் அழுத்தச் சொல்லாதீர்கள். காலின் விசை கைக்கு வராது.

4. எந்த கியர்?

உயர்ந்த கியரில் போட வேண்டும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அறிவுரை வேறொரு வேலைக்கு உரியது. முன் ஸ்ப்ராக்கெட் நட்டுக்கு முதல் கியரே சரி.

நிஞ்சா 650-இல் முதல் கியரின் விகிதம் 2.438, ஆறாவது கியரின் விகிதம் 0.852, என்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் இடையிலுள்ள பிரைமரி விகிதம் 2.095. இவற்றைப் பெருக்கினால், முதல் கியரில் அவுட்புட் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுழல கிராங்க் ஐந்து சுற்றுக்குச் சற்று மேல் சுழல வேண்டும். ஆறாவது கியரில் இரண்டு சுற்றுகூடத் தேவையில்லை. கிராங்க்கின் தடை, அதாவது கம்ப்ரஷனும் உராய்வும், அதே பெருக்கத்தோடு ஸ்ப்ராக்கெட்டில் வந்து எதிர்க்கிறது. எனவே முதல் கியரில் என்ஜின் கொடுக்கும் பிடிமானம் ஆறாவது கியரில் கிடைப்பதைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் விட்டுச் செல்வதும் இதே காரணத்தால்தான்.

உயர்ந்த கியர் என்பது கிளட்ச் நட்டையோ மேக்னெட்டோ நட்டையோ கழற்றும்போது சரியானது. அங்கே விசை என்ஜின் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிறது. முதல் கியரில் அது பல மடங்காகப் பெருகி பிரேக்கைத் தோற்கடிக்கும் என்பதால் உயர்ந்த கியரைப் போடுகிறார்கள். நம்முடைய நட்டோ அவுட்புட் ஷாஃப்ட்டின் மேலேயே இருக்கிறது. இரண்டு வேலைகளுக்கும் ஒரே விதியைச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் குழப்பம்.

கியரைப் போட்ட பிறகு வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்து, கியர் முழுவதுமாக உள்ளே விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்யவும். பாதி விழுந்த கியரில் பெரிய விசை கொடுத்தால், ஒன்றோடொன்று கோக்கும் பற்களின் ஓரங்கள் சிதையலாம். கியர் லீவரைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கவரைத் திறந்த பின் நியூட்ரலில் இருப்பது தெரிந்து, லீவரை மறுபடி மாட்டுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்த நேரம் முழுவதும் கிளட்ச் லீவரை யாரும் பிடிக்கக் கூடாது. பிடித்தால் என்ஜினின் பிடிமானம் அந்தக் கணமே போய்விடும்.

5. கவரைத் திறந்து சுத்தம் செய்தல்

கியர் லீவரின் பிளவு ஷாஃப்ட்டின் எந்த இடத்தில் நிற்கிறது என்று மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, லீவரை உருவவும். பிறகு கவரின் போல்ட்டுகளைக் கழற்றவும். அவை ஒரே நீளமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஓர் அட்டைத் துண்டில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தால் பின்னால் தேட வேண்டியதில்லை. கவரோடு ஏதேனும் வயர் வந்தால் இழுக்காமல், கிளிப்பைப் பார்த்து விடுவிக்கவும். வேறு சில வண்டிகளில் கிளட்ச்சின் ஹைட்ராலிக் சிலிண்டர் இதே கவரில் இருக்கும். அதைக் கழற்றிய நிலையில் கிளட்ச் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

உள்ளே செயின் லூப்பும் மணலும் கலந்த கறுப்பு மசி கெட்டியாகப் படிந்திருக்கும். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு நட்டு, வாஷர், ஷாஃப்ட்டின் முனை மூன்றும் தெளிவாகத் தெரியும்வரை சுத்தம் செய்யவும். பிரஷ் நழுவிப் பின் டிஸ்க்கில் ஒரு துளியும் படக் கூடாது. நமக்கு வேண்டிய பிரேக் அதுதான். சுத்தம் செய்த பிறகு ஷாஃப்ட்டின் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளவும். இந்த வண்டியில் வழக்கமான வலது மரைதான். நார்ட்டன் கமாண்டோ போன்ற பழைய வண்டிகளில் இது இடது மரையாக இருக்கும். அங்கே தவறான திசையில் ஒரு மீட்டர் பாரை அழுத்தினால் மரையே போய்விடும்.

6. லாக் வாஷரை நிமிர்த்துதல்

வாஷரின் ஓரம் நட்டின் பட்டையோடு ஒட்டி மடிக்கப்பட்டிருக்கும். உளியின் நுனியை மடிப்புக்கும் நட்டின் பட்டைக்கும் இடையில் வைத்து, மெல்லத் தட்டி வெளியே வளைக்கவும். சிறிது இடைவெளி வந்ததும் உளியைச் சாய்த்து, வாஷர் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு படியும்வரை தட்டவும். உளி ஷாஃப்ட்டின் மரையில் படக் கூடாது.

இங்கே அவசரப்படுகிறவர்கள் அதிகம். மடிப்பு பாதி நிமிர்ந்ததும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். மீதி நிற்கும் ஓரத்தில் சாக்கெட்டின் விளிம்பு முட்டி, நட்டின் மேல்பாதியை மட்டும் பிடிக்கும். சாக்கெட்டைக் கையால் செருகிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்: சரியாக உட்கார்ந்த சாக்கெட் ஆட்டினாலும் சாயாது, முட்டிக்கொண்டிருக்கும் சாக்கெட் ஒரு பக்கமாகச் சாயும், எடுத்துப் பார்த்தால் வாஷரின் ஓரத்தில் பளபளப்பான கீறல் ஒன்று இருக்கும். அந்தக் கீறல் இருக்கும் இடத்தையே மறுபடி தட்டிப் படிய வைக்க வேண்டும்.

நிமிர்த்திய பிறகு நட்டின் அடியிலும் மரையிலும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து, குறைந்தது அரை மணி நேரம் விடவும். முடிந்தால் முதல் நாள் மாலையே இதுவரையுள்ள வேலையை முடித்து, இரவு முழுவதும் ஊற விடலாம்.

7. அடையாளக் கோடு

பெயின்ட் மார்க்கரால் ஷாஃப்ட்டின் முனையிலிருந்து தொடங்கி, நட்டின் முகத்தின் மேலாக ஸ்ப்ராக்கெட் வரை ஒரே நேர்கோடு இழுக்கவும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. ஆனால் பாரை அழுத்தும்போது ஏதோ அசைகிறது என்பது மட்டுமே கைக்குத் தெரியும். அசைந்தது எது என்பதைக் கோடுதான் சொல்லும்.

அழுத்திய பிறகு சாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். நட்டின் மேலுள்ள கோடு ஷாஃப்ட்டின் கோட்டிலிருந்து விலகியிருந்தால் நட்டு இளகிவிட்டது. மூன்றும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் பிடிமானம் நழுவுகிறது. அதாவது செயினின் தொய்வு இன்னும் தீரவில்லை, அல்லது பிரேக் போதவில்லை. கோடு இம்மியும் அசையாமல் பார் மட்டும் நகர்ந்திருந்தால், எக்ஸ்டென்ஷன் முறுக்கிக்கொள்கிறது அல்லது சாக்கெட் நட்டின் முனைகளில் ஏறுகிறது. இந்த மூன்று நிலைகளுக்கும் செய்ய வேண்டியவை வெவ்வேறு. கோடு இல்லாதவர் மூன்றுக்கும் ஒரே மருந்தாக இன்னும் பலமாக அழுத்துவார்.

8. பாரை எந்தப் பக்கம் வைத்து எப்படி அழுத்துவது

பார் வண்டியின் முன்பக்கம் நோக்கி, தரைக்கு இணையாகவோ முனை சற்று மேலாகவோ இருக்கும்படி சாக்கெட்டில் மாட்டவும். அந்த நிலையில் பாரின் முனையைக் கீழ்நோக்கி அழுத்தினால் நட்டு இளகும் திசை கிடைக்கிறது. முன்னால் இருக்கும் ஜெனரேட்டர் கவர் வெளியே புடைத்திருப்பதால், பார் அதில் இடிக்காமல் இருக்கவே எக்ஸ்டென்ஷன் வேண்டும். இடிக்காத அளவுக்கு மட்டும் நீளம் இருந்தால் போதும். நீளம் கூடக்கூட சாக்கெட் சாய முற்படும்.

பாரைப் பின்பக்கம் நோக்கி வைத்து மேலே தூக்கினாலும் நட்டு அதே திசையில்தான் திரும்பும். ஆனாலும் அப்படிச் செய்ய வேண்டாம். வண்டி இடப்பக்கம் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. இடப்பக்கத்தில் கீழ்நோக்கிக் கொடுக்கும் அழுத்தம் அதை ஸ்டாண்டின் மேல் இன்னும் உறுதியாக உட்கார வைக்கும். மேல்நோக்கித் தூக்கும் 30 கிலோ விசையோ வண்டியை ஸ்டாண்டிலிருந்து எழுப்பி வலப்பக்கம் சாய்க்கப் பார்க்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு வலது கால் பெடலில் இருப்பதால் ஊன்றவும் முடியாது.

ஒரு கையின் உள்ளங்கையால் பாரின் தலையை, அதாவது எக்ஸ்டென்ஷனோடு சேரும் இடத்தை, என்ஜினை நோக்கி அழுத்திப் பிடிக்கவும். மற்றொரு கையைப் பாரின் கோடியில் விரல்களை மடக்காமல் வைக்கவும். திடீரென்று இளகினால் விரல் முட்டிகள் தரையில் மோதாது. உதவியாளரைப் பிரேக்கை முழுவதுமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முதலில் மெதுவாக அழுத்தவும். செயினின் தொய்வு தீர்ந்து மேல் பகுதி விறைக்கும்வரை பார் எளிதாகக் கீழே வரும், விறைத்ததும் நின்றுவிடும். அங்கே ஒரு கணம் நிறுத்தி, சாக்கெட் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே விசையைச் சீராகக் கூட்டவும்.

குதித்து மிதிப்பதும் வெட்டி இழுப்பதும் வேண்டாம். தொய்வோடு இருக்கும் செயினில் திடீர் விசை வந்தால், அது கியர் பற்களின் மேல் சுத்தியல் அடியாக விழுகிறது. அதே அளவு விசையைச் சீராகக் கொடுத்தால் கியருக்கு ஒரு கேடும் இல்லை.

நட்டு இளகும்போது பெரும்பாலும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். சாக்கெட் நழுவும்போதும் ஏறத்தாழ அதே சத்தம்தான். எனவே சத்தம் கேட்டதும் தொடர்ந்து அழுத்தாமல், சாக்கெட்டை எடுத்துக் கோட்டைப் பார்க்கவும்.

9. ஒரு வண்டியில் நடந்தது

தெரிந்த தம்பி ஒருவர் தம் நிஞ்சா 650-க்குச் செயின் செட் மாற்ற முயன்று, முடியாமல் என்னை அழைத்தார். நான் போனபோது வண்டி பேடாக் ஸ்டாண்டில் இருந்தது, ஆறாவது கியர், அவருடைய நண்பர் கீழே உட்கார்ந்து பிரேக் பெடலைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார். நட்டில் 30 செ.மீ. ராட்செட். நல்லவேளையாக அவர் செயினை அறுத்திருக்கவில்லை.

முதலில் கோடு இழுத்து, அவரையே மறுபடி அழுத்தச் சொன்னேன். மூன்றும் சேர்ந்து நகர்ந்தன. பின் சக்கரம் மெல்ல ஊர்ந்தது. என்ஜினுக்குள் கம்ப்ரஷன் எதிர்த்துப் பிறகு வழிவிடுவதும் பாரில் தெரிந்தது. நட்டு இறுகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்; உண்மையில் நட்டுக்கு விசையே முழுதாகப் போய்ச் சேரவில்லை.

ஸ்டாண்டை இறக்கி, முன் சக்கரத்தைச் சுவரோடு சேர்த்து, கியர் லீவரைத் தற்காலிகமாகச் செருகி முதல் கியருக்குக் கொண்டுவந்தோம். நண்பர் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தார். சாக்கெட்டைச் செருகியபோது அது சற்றுச் சாய்ந்தது. வாஷரின் ஒரு மூலை நிமிராமல் நின்றது. அதைத் தட்டிப் படிய வைத்ததும் சாக்கெட் முன்பைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழமாக உட்கார்ந்தது. 75 செ.மீ. பாரை மாட்டி அவரிடமே கொடுத்தேன். தம் உடல் எடையில் பாதிக்கும் குறைவாக, சுமார் 35 கிலோ அழுத்தியிருப்பார். அதாவது 250 நியூட்டன் மீட்டர் அளவு. சத்தம் கேட்டது. கோட்டைப் பார்த்தோம், நட்டின் கோடு ஷாஃப்ட்டின் கோட்டிலிருந்து ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. புதிதாக வந்த கருவி ஒரு பார் மட்டுமே. மற்றவை எல்லாம் நிறுத்திய விதத்திலும் கியரிலும் செய்த மாற்றங்கள்.

10. அப்படியும் அசையாவிட்டால்

பாரில் பைப்பைச் செருகி ஒரு மீட்டர் வரை நீட்டிக்கலாம். அந்த நீளத்தில் 35 கிலோ அழுத்தினால் 340 நியூட்டன் மீட்டர் ஆகிறது. இறுக்கும் அளவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதற்கும் அசையாத நட்டில் விசையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் அரை இன்ச் டிரைவின் சதுர முனையோ நட்டின் முனைகளோ முதலில் தோற்கும்.

காரணம் பெரும்பாலும் மரையில் பூசியிருக்கும் பசையாகவோ துருவாகவோ இருக்கும். ஹாட் ஏர் கன் கொண்டு நட்டை மட்டும் சில நிமிடங்கள் சூடாக்கலாம். ஆனால் அதற்கு முன் அடித்த ஸ்ப்ரேயையும் மண்ணெண்ணெயையும் நன்றாகத் துடைத்து உலர விட வேண்டும், அவை தீப்பற்றக்கூடியவை. கேஸ் டார்ச் கூடவே கூடாது. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலேயே ஷாஃப்ட்டின் ஆயில் சீல் இருக்கிறது, செயினின் ஓ-ரிங்குகளும் அருகில் உள்ளன. சூடு கொடுத்த பிறகு, முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசைத்துவிட்டு இளக்கும் திசையில் அழுத்தினால் ஒட்டுதல் விடுபடுவதுண்டு.

பிரேக் மட்டுமே குறை என்றால், சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே மரக்கட்டையைச் செருகி ஸ்விங் ஆர்மில் முட்டக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இந்த வண்டியின் வார்ப்புச் சக்கரத்தில், துணி சுற்றிய தடிமனான கட்டையை ஸ்விங் ஆர்மை ஒட்டி, கனமான ஆரத்தில் படும்படி வைத்தால் தாங்கும். கம்பி ஆரங்கள் கொண்ட சக்கரத்தில் செய்யவே கூடாது. ஏபிஎஸ் வளையமும் சென்சாரும் இருக்கும் பக்கத்தில் கட்டை படக் கூடாது. வளையம் நெளிந்தால் ஏபிஎஸ் விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் இம்பாக்ட் ரெஞ்ச் வைத்திருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய், நட்டை மட்டும் இளக்கிக் கையளவு இறுக்கத்தில் விட்டு வாங்கிவருவதில் தவறில்லை. பட்டறை தொலைவில் இருந்தால் வண்டியை ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். இளகிய நட்டோடு ஓட்டக் கூடாது.

11. இளகிய பிறகு, மறுபடி இறுக்குதல்

நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்கிவிட்டு நிறுத்தவும். இப்போது பின் ஆக்ஸிலை இளக்கி, சக்கரத்தை முன்னே தள்ளிச் செயினைத் தொய்வாக்கலாம்; பழைய செயினை அறுப்பதானால் அதுவும் இப்போதுதான். பிறகு நட்டைக் கையால் கழற்றி, வாஷரையும் ஸ்ப்ராக்கெட்டையும் உருவவும். பழைய ஸ்ப்ராக்கெட்டின் எந்த முகம் வெளியே பார்த்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளவும். ஆயில் சீலைச் சுற்றி ஈரம் இருந்தால் அதை மாற்ற இதுவே நேரம்.

இறுக்கும்போதும் அதே பிடிமானம் வேண்டும். ஆகவே புதிய ஸ்ப்ராக்கெட், புதிய வாஷர், புதிய செயின் எல்லாம் மாட்டி, தொய்வைச் சரிசெய்து, பின் ஆக்ஸிலை இறுக்கிய பிறகே முன் நட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். மரையிலும் நட்டு உட்காரும் முகத்திலும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த எண்ணெயைப் பூசும்படி கவாசாகியின் சர்வீஸ் மேனுவல் சொல்கிறது. 125 நியூட்டன் மீட்டர் என்ற அளவு அந்த எண்ணெயோடுதான் பொருந்தும்.

திசை இப்போது தலைகீழ். டார்க் ரெஞ்சைப் பின்பக்கம் நோக்கி வைத்துக் கீழே அழுத்தவும். செயினின் கீழ்ப்பகுதி விறைத்து, சக்கரம் பின்னோக்கி உருளப் பார்க்கும். எனவே முன்னால் இருந்த சுவரின் வேலையைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் ஒரு கட்டை செய்யட்டும். முதல் கியர், வண்டிமேல் ஆள், மிதித்த பிரேக் மூன்றும் முன்போலவே. ரெஞ்ச் சொடுக்கும் நேரத்தில் சக்கரம் நகர்ந்தால் அந்தச் சொடுக்கை நம்பாமல் மறுபடி இறுக்கவும்.

கடைசியாக, வாஷரின் ஓரத்தை நட்டின் தட்டையான பட்டையோடு முழுதும் ஒட்டும்படி மடிக்கவும். நட்டின் முனையில் மடித்தால் பூட்டாது. கவரை மூடுவதற்கு முன் சக்கரத்தைக் கையால் சுழற்றி, மடித்த ஓரம் எதிலும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளவும்.